பரீட்சைக்கு வைத்த கண்

டியூட்டரம்மா, அந்தப் பிள்ளையின் கண்ணில் இருந்த புள்ளி பரீட்சை முடியும் வரை மறையக் கூடாது என்று மருந்தைப் பூட்டி வைத்தவர் நீங்கள்தான். வேறு யாரும் இல்லை.

உங்களுக்குத் திருவள்ளூரில் மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம். பழைய மாணவிகள் எல்லோரும் விழா மலருக்கு ஒரு நினைவுக் கட்டுரை தர வேண்டுமாம். எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். இதுதான் என் கட்டுரை. அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வருவதற்கு முன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் எட்டாவது முடித்திருந்தேன். கிராம நர்சு பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். பயிற்சிப் பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். மலரைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

எங்களுக்குச் சத்துணவுப் பாடம் எடுத்தது நீங்கள். நன்றாகத்தான் எடுத்தீர்கள், அதை மறுக்கவில்லை. பரீட்சையில் எது வரும் என்று உங்களுக்குத் தெரியும். பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக, ஐந்து மார்க் கேள்வி. எந்த வைட்டமின் குறைந்தால் எந்த நோய், அது எந்த உணவில் இருக்கிறது. நடந்துகொண்டே மனப்பாடம் செய்வோம். ஏ போனால் மாலைக்கண். பி ஒன்று போனால் பெரிபெரி. பி இரண்டு போனால் வாயோரப் புண். சி போனால் ஈறில் ரத்தம். டி போனால் வளைந்த கால். துணி துவைக்கும்போது இது, தண்ணீர் இறைக்கும்போது இது. எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்க வராது. வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பேன். பக்கத்துக் கட்டில்காரி தடாவில் இருந்து வந்தவள், பாதி தெலுங்கு. "ஒக்காருமே, ஒன்னப் பாத்தா எனுக்குத் தல சுத்துது" என்பாள்.

உணவுப் பட்டியல் இன்னும் பெரிய வேடிக்கை. பால், வெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு, ஆட்டு ஈரல், மீன் ஈரல் எண்ணெய், கேரட், பப்பாளி, மாம்பழம், முருங்கைக்கீரை. எழுதி எழுதி விரல் வலிக்கும். சாப்பாட்டு மணி அடித்தால் தட்டில் தண்ணியாய்ச் சாம்பார். தடாக்காரி தட்டைப் பார்த்துச் சொல்வாள்: "நைனா, முட்டைய நோட்டுல எழுதியே வயிறு ரொம்பிச்சி."

எங்களில் பாதிப் பேருக்கு வாயோரம் வெடித்திருந்தது. வாய் திறந்தால் எரியும். ரைபோஃப்ளேவின் குறைவு என்று நீங்களே எங்களை வரிசையாக நிறுத்திக் காட்டிப் பாடம் எடுத்தீர்கள். "கேஸ் தேடி வெளியே போக வேண்டாம், இங்கேயே இருக்கு" என்று சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்தால் புண் விரியும்.

கேஸ் என்பதுதான் இந்தக் கதையின் மூலம். எழுத்துப் பரீட்சைக்குப் பிறகு செய்முறைப் பரீட்சை. மதராஸில் இருந்து எக்ஸாமினர் வருவார். பெஞ்சில் நோயாளிகளை உட்கார வைத்திருப்போம். வளைந்த காலோடு ஒரு குழந்தை. வெளுத்துப்போன கர்ப்பிணி ஒருத்தி. கண்ணில் புள்ளி விழுந்த பிள்ளை ஒன்று. எக்ஸாமினர் நம்மைக் கூப்பிட்டு, இது என்ன, எந்த வைட்டமின், என்ன சாப்பிடச் சொல்வாய் என்று கேட்பார். ஒவ்வொரு பேட்சுக்கும் இந்தக் கேஸ்களைப் பிடித்து வைக்க வேண்டியது டியூட்டரின் வேலை. கேஸ் சரியாக அமைந்தால் ரிசல்ட் நன்றாக வரும். உங்கள் பேட்சில் யாரும் ஃபெயிலானதில்லை என்ற பேர் அப்படித்தான் வந்தது.

அதில் கண் கேஸ்தான் கஷ்டம். அப்போதுதான் சர்க்காரில் இருந்து வைட்டமின் ஏ சிரப் வர ஆரம்பித்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு ஸ்பூன். அதைக் கொடுத்துவிட்டால் மாலைக்கண் ஒன்றிரண்டு நாளில் போகும். வெள்ளை விழியில் இருக்கும் புள்ளி சில வாரத்தில் கரையும். பிள்ளைக்கு நல்லது. பரீட்சைக்கு நஷ்டம்.

கடைசி ஆண்டில் எங்களைக் கிராமப் பயிற்சிக்கு ஆரம்பாக்கம் பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன ஹெல்த் சென்டரில் தங்கி வீடு வீடாகப் போக வேண்டும். நீங்களும் எங்களோடு தங்கினீர்கள். கூலிக்காரர்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சாயங்காலம் போனேன். பகலில் போனால் யாரும் இருக்க மாட்டார்கள், நடவுக்குப் போயிருப்பார்கள். அம்மாக்காரி கஞ்சி ஊற்றி வைத்தாள். நாலு வயது இருக்கும் பெண் குழந்தை, தரையைத் தடவித் தடவிக் கிண்ணத்தைத் தேடியது. கை பட்டுக் கிண்ணம் கவிழ்ந்தது. அம்மாக்காரி ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பொழுது சாஞ்சா இதே பேஜாருதான் நர்சம்மா. பகல்ல ஆட்டம் போடுது, இருட்டிச்சின்னா நடிக்குது."

நடிப்பு இல்லை என்று சொன்னேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும், வெள்ளை விழியில் காதுப் பக்கமாக, சோப்பு நுரை காய்ந்த மாதிரி சாம்பல் வெள்ளைத் திட்டு. புத்தகத்தில் இருந்த அதே படம். பிட்டாட் புள்ளி.

ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். சிரப் கேட்டேன். நீங்கள் என்னோடு கிளம்பி வந்து, பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்து, என் முதுகில் தட்டினீர்கள். நினைவிருக்கிறதா?

"நல்ல கேஸ். ரெண்டு கண்ணுலயும் கிளியரா இருக்கு. பரீட்சை வரைக்கும் யாரும் சிரப் கொடுக்காதீங்க. முடிஞ்ச உடனே கொடுத்திடலாம்."

பரீட்சைக்கு அதிக நாள் இல்லை என்றீர்கள். நானும் காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். பாடம் கற்றுக்கொடுத்தவர் சொல்கிறார். என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்: முருங்கைக்கீரை, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தினமும். அம்மாக்காரி தலையாட்டினாள். நடவு முடிந்து இருட்டில் வருகிறவள் எந்த முருங்கை மரத்தில் ஏறுவாள்?

அதற்குள் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. தேதியும் சொல்லவில்லை. எங்களுக்கு எரிச்சல், வீட்டுக்குப் போக முடியவில்லை. உங்களுக்கு வேறு கவலை. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்து ஊர் நர்சு வந்து சிரப் கொடுத்துவிடக் கூடாது என்று, சிரப் பாட்டில்களை எல்லாம் சென்டர் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக் கயிற்றில் மாட்டிக்கொண்டீர்கள். அந்தத் தெருவுக்கு இந்தத் தடவை சிரப் கிடையாது என்றும் சொல்லிவிட்டீர்கள்.

நேரம் கிடைக்கிறதே என்று எங்களுக்கு ஒரு ஒத்திகை வைத்தீர்கள். பெஞ்சில் கேஸ்களை உட்கார வைத்து, நீங்களே எக்ஸாமினராகக் கேள்வி கேட்டீர்கள். அன்றைக்குத்தான் எளாவூர் பக்கத்தில் இருந்து ஒருத்தி தன் மகளைக் கூட்டிவந்திருந்தாள். ஆறு வயது இருக்கும். வலது கண்ணின் கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் பால் மாதிரி வெள்ளைத் தழும்பு. தடாக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அவள் கெரடோமலேசியா, கருவிழி மெத்தென்று ஆகி உருகிவிடும், வைட்டமின் ஏ, என்று கடகடவென்று சொன்னாள். மீன் ஈரல் எண்ணெய், பால், முட்டை, கீரை. ஃபுல் மார்க் என்றீர்கள்.

டீ கொடுக்கும்போது நான் அந்த அம்மாக்காரி பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போது இப்படி ஆனது என்று கேட்டேன்.

"போன வருசம் இங்கதாமே பரிச்சைக்கு இட்டாந்தேன். அப்ப கண்ணு இருந்திச்சி. வெள்ளையில திட்டு மட்டும்தான். டார்ச்சடிச்சிப் பாத்தாங்க, பன்னு குடுத்தாங்க. பரிச்ச முடிஞ்சதும் மருந்து தரோம்னாங்க. முடிஞ்சதும் அவங்கவங்க ஊட்டுக்குப் பூட்டாங்க."

பிறகு?

"பின்ன மணல்வாரி அம்ம வந்திச்சி. அம்மா வந்துக்கிற ஊட்ல மருந்து எங்க குடுக்கறது? வேப்பில வச்சோம், மோர் ஊத்துனோம். அம்மா எறங்கி, கண்ணத் தொறந்தா இப்படி."

இவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. டீ கிளாசை ஊதி ஊதிக் குடித்தாள். போன பேட்சுக்கு அந்தப் பிள்ளை புள்ளி கேஸ். எங்கள் பேட்சுக்குத் தழும்பு கேஸ். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் தள்ளி உட்கார வைத்துவிட்டீர்கள். யாருக்கும் அது உறைக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே உங்கள் முன்னால் வந்து நின்றேன். அலமாரியைத் திறங்கள் என்றேன். மணல்வாரி வந்தால் புள்ளி உள்ள கண் சில நாளில் போய்விடும் என்று நீங்கள்தானே பாடம் நடத்தினீர்கள் என்றேன். உடம்பில் சேமிப்பு இருந்தால்தான் தாங்கும், அம்மை வந்த பிறகு இங்கே யாரும் மருந்தும் வாங்க மாட்டார்கள், மீனும் சமைக்க மாட்டார்கள் என்றேன். என் சொந்த அறிவு எதுவும் அதில் இல்லை. எல்லாம் உங்கள் நோட்ஸ்.

"பயிற்சிக்கு வந்தவ பயிற்சிக்கு வந்த மாதிரி இரு. ஸ்பூன் கொடுத்தா ஸ்பாட் போயிடும். எக்ஸாமினருக்கு எதைக் காட்டறது, உன் மூஞ்சியையா? உன்னோட ரெக்கார்டுல நான் கையெழுத்துப் போடணும், மறந்துடாதே."

மறக்கவில்லை. உங்களுக்கு மேலே இருந்த டாக்டரைத் தேடி கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். லீவில் போயிருந்தார். கம்பவுண்டர், டியூட்டர் சீட்டு எழுதித் தந்தால் சிரப் தருகிறேன் என்றார். திரும்பி ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்தேன். உட்கார முடியவில்லை.

பாசஞ்சர் வண்டி வந்தது. பழவேற்காட்டுப் பக்கத்தில் இருந்து பொன்னேரிக்கு வந்து ரயில் ஏறும் மீன்காரிகள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஈரம் சொட்டும் சாக்கு. மூக்கைத் துளைக்கும் வாசனை. கூடைக்குள் குட்டிச் சுறா கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீன் ஈரல், மீன் ஈரல் என்று நோட்டில் எத்தனை தடவை எழுதியிருப்பேன். பரீட்சைக்கான பதில் என்று மட்டும்தான் அதை நினைத்திருந்தேன். அது தின்கிற பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மருந்து கொடுக்காதே என்றுதானே நீங்கள் சொன்னீர்கள். சாப்பாடு கொடுக்காதே என்று சொல்லவில்லையே.

மீன்காரியிடம் சுறா ஈரல் வேண்டும் என்றேன். அவள் என் வெள்ளைப் புடவையை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஈரலா? அத கரையிலயே யாவாரி அள்ளிக்கினு பூட்றான், எண்ணெ காய்ச்ச. ஒனுக்கு இன்னாத்துக்குமே அது? மொகத்துக்குப் பூசப் போறியா?"

பக்கத்துக் கூடைக்காரிகள் சிரித்தார்கள். ஒரு பிள்ளைக்கு மாலைக்கண் என்றேன். சிரிப்பு நின்றது.

"அத மொதல்ல சொல்லக் கூடாது? எங்காண்ட அந்தக் கண்ணு வந்தா ஈரல்தான் வதக்கிக் குடுப்போம். நாளைக்கு இதே வண்டியில வா."

மறுநாள் பூவரச இலையில் சுற்றிக் கொண்டுவந்தாள். டப்பு எதுவும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாள். அந்தத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நெல்லிக்காய் அளவு வெட்டி, மஞ்சள் போட்டு வதக்கி, பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னேன். தினமும் கொடுக்கக் கூடாது, சுறா ஈரலில் சத்து அளவுக்கு மீறி இருக்கும், அதிகமானால் தலைவலியும் வாந்தியும் வரும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சில நாள் இடைவெளி விட்டு நானே கொண்டுவந்தேன். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றது. கூடவே முருங்கைக்கீரையை நானே பறித்துப் போட்டேன்.

முதல் தடவை கொடுத்து இரண்டு பொழுது போயிருக்கும். சாயங்காலம் போனேன். அம்மாக்காரி வாசலில் நின்று சொன்னாள்:

"நேத்து வெளக்கு வைக்கறதுக்கு முன்ன அதுவா கிண்ணத்த எடுத்துக்கினு வந்து, கஞ்சி ஊத்துன்னுது. எனுக்கு அழுவ வந்திருச்சி நர்சம்மா. நடிக்குதுன்னு எத்தினி அடி அடிச்சிருப்பேன்."

கொஞ்ச நாளில் அந்தத் தெருவில் மணல்வாரி நுழைந்தது. வீட்டுக்கு வீடு வேப்பிலை. அந்தப் பிள்ளைக்கும் வந்தது. எனக்குத் தூக்கம் போனது. அந்த வீட்டுக்குள் போக என்னை விடவில்லை. அம்மா வந்திருக்கும் வீட்டுக்கு வெளியாள் வரக் கூடாது. தெருமுனையில் நின்று, கண்ணைத் திறக்குதா, வெளிச்சத்தைப் பார்க்குதா என்று கேட்பேன். "தொறக்குது, தொறக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நம்பவும் முடியாது, போய்ப் பார்க்கவும் முடியாது. முதல் தண்ணீர் ஊற்றிய அன்றைக்குப் பிள்ளையை வெளியே கொண்டுவந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தது. கருவிழி இரண்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. புள்ளி இருந்த இடத்தில் மெல்லிய சுருக்கம் மட்டும்.

அதற்குப் பிறகுதான் பரீட்சைத் தேதி வந்தது.

எக்ஸாமினர் ஜீப்பில் வந்தார். பெஞ்சில் அந்தப் பிள்ளையும் எளாவூர்ப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மை வந்த தெரு என்று நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை, ஆள் விட்டுத்தான் பிள்ளையை வரவழைத்தீர்கள். அதனால் உங்களுக்கு விஷயம் தெரியாது. என்னைக் கூப்பிட்டார்கள். எக்ஸாமினர் டார்ச்சை அடித்துப் பார்த்தார். கண்ணை விரித்தார். மறு கண்ணை விரித்தார்.

"இது பிட்டாட் ஸ்பாட் கேஸ்னு எழுதியிருக்கு. ஸ்பாட் எங்கே?"

இருந்தது, போய்விட்டது என்றேன். எப்படி என்றார். சுறா ஈரல் சாப்பிட்டது என்றேன். எதனால் குறைபாடு, எதில் சத்து இருக்கிறது, எத்தனை நாளில் தெளியும், எல்லாம் சொன்னேன். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது.

எக்ஸாமினர் அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தார். வெள்ளைத் தழும்பைக் காட்டி, இந்த நிலைமைக்கு என்ன காரணம் என்றார். வைட்டமின் ஏ குறைவு, அதோடு மணல்வாரி என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஃபுல் மார்க்.

"போன பேட்ச் பரீட்சைக்கு இந்தப் பிள்ளைதாங்க ஸ்பாட் கேஸ். பரீட்சைக்காக மருந்து கொடுக்காம வச்சிருந்தாங்க. அதுவும் காரணம்."

பொய் சொல்கிறாள், மனப்பாடம் செய்யாமல் சாக்கு சொல்கிறாள் என்றீர்கள். எக்ஸாமினர் வாட்சைப் பார்த்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்மா என்றார். எளாவூர் அம்மாக்காரி அங்கேதான் நின்றாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் வாய் திறக்க வந்தாள், நீங்கள் அவள் கையில் ஒரு பன்னைக் கொடுத்து வெளியே அனுப்பினீர்கள்.

நான் ஃபெயில். உங்கள் பேட்சில் முதல் ஃபெயில். ரெக்கார்டில் கையெழுத்தும் கிடைக்கவில்லை. அடுத்த தடவை வேறு டியூட்டரிடம் எழுதிப் பாஸானேன். கேள்வித்தாளில் அதே கேள்விதான் வந்தது. மாலைக்கண் நோய் எதனால் வருகிறது, தடுக்கும் உணவுகள் யாவை. அதே பதிலை எழுதினேன்.

பிறகு இதே வட்டாரத்தில் கிராம நர்சாக வேலை பார்த்தேன். கிண்ணத்தைத் தேடிய பிள்ளை வளர்ந்து தொழிற்சாலைக்குப் போகிறாள். ஷிஃப்ட் முடித்து இருட்டில் தனியாக சைக்கிளில் வருகிறாள். எளாவூர்ப் பெண்ணையும் பார்ப்பேன். ஸ்டேஷன் வெளியே வேர்க்கடலை விற்கிறாள். வலது பக்கமாக யார் வந்தாலும் முழுத் தலையையும் திருப்பிப் பார்ப்பாள். தொழிற்சாலையில் மெடிக்கல் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மலர்க்குழுவுக்கு ஒன்று சொல்கிறேன். இதை வெட்டாமல் போடுங்கள். போடாவிட்டால் நானே அச்சடித்து மண்டப வாசலில் நின்று கொடுப்பேன்.

டியூட்டரம்மா, மணவாள நகர் வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினீர்கள். வர மாட்டேன். காப்பி குடித்துவிட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை இது. நீங்கள் பதில் சொல்ல வேண்டியதும் எனக்கு இல்லை. விழாவுக்கு எளாவூர்ப் பெண்ணையும் அவள் அம்மாவையும் நான் கூட்டிவருகிறேன். முன் வரிசையில் உட்காருவார்கள். உங்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடித்ததும் மைக்கை வாங்குங்கள். எங்கள் பேட்சுக்கு முன்னால் எத்தனை பேட்சுக்கு, எத்தனை கண்ணைப் பரீட்சைக்கென்று வைத்திருந்தீர்கள், பரீட்சை முடிந்த பிறகு அவர்களில் யாருக்கு அந்த ஒரு ஸ்பூனைக் கொடுத்தீர்கள்? அவர்கள் இருவரையும் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.